ஆல்கஹாலில் கரையாத உப்பு

லாலாகுடா ரயில்வே ஃபிட்டரின் மகள் ஜெயசுந்தரிக்கு இந்தச் செய்முறைத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் அடுத்த மாதம் கல்யாணம். அசிட்டமைடில் புரோமினும் காரமும் சேர்த்து ஒரு கார்பனைக் கழற்றி மெத்திலமீன் எடுக்க வேண்டும்.

"புரோமின் உனக்கு நக்கோம்மா, வேணாம். கை வெந்தா எவன் கட்டுவான்?" என்று டெமான்ஸ்ட்ரேட்டர் ரூஃபஸ் தானே ஊற்றினார், சில சொட்டோடு நிறுத்தினார்.

"பத்தாது சார்."

"எனக்கே பாடமா?"

காரம் சேர்த்துச் சூடாக்கி, வந்த வாயுவை அமிலத்தில் பிடித்து வற்றவைத்தாள். வெள்ளை உப்பு மிஞ்சியது. மெத்திலமீன் உப்பென்றால் சூடான தூய ஆல்கஹாலில் கரையும். கலக்கினாள், பெரும்பகுதி அடியிலேயே கிடந்தது. புரோமின் போதாமல் அசிட்டமைடு காரத்தில் சிதைந்து அம்மோனியாவைத்தான் தந்திருந்தது; அதன் உப்பு ஆல்கஹாலில் கரையாது.

அவள் தாளில் "கவனக்குறைவு" என்று எழுதிய ரூஃபஸ், "பொம்பளைக்குக் கெமிஸ்ட்ரி கைக்கு, எதுக்கு?" என்றார்.

கரையாதென்று தெரிந்தும் அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.