நாலரை நிமிட அறிமுகம்

சோபியா கடைசியாக என்னிடம் கேட்டது குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம். "அஞ்சு லிட்டர் குக்கருக்குன்னு சொல்லி வாங்குங்க. போன தடவை மாதிரி மூணு லிட்டருக்கு வாங்கிட்டு வந்துடாதீங்க" என்றாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டு ரெஜினா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி. அவளுக்கு நாற்பத்தாறு வயது. மாரடைப்பு என்றார்கள்.

அவளைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தாருங்கள், நினைவு மலரில் போடுகிறோம் என்று வாசகர் மன்றத்தில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். நல்ல மனைவி, நல்ல ஆசிரியை, நல்ல பேச்சாளர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் கிளார்க். அவள் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் டீச்சர். எங்கள் குடியிருப்பு வட்டத்தில் வாசகர் மன்றம் தொடங்கியபோது நான்தான் செயலாளர். மாதம் ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து ஓர் எழுத்தாளரோ பேராசிரியரோ வருவார். அவரை அறிமுகப்படுத்திப் பேசுவது என் வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் விரும்பினேன் என்று சொன்னால் குறைவு. ஒரு மாதம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வாழ்ந்தேன். பேசுகிறவரின் புத்தகங்களைத் தேடிப் படிப்பேன், ஊர், படிப்பு, விருது எல்லாம் குறிப்பெடுப்பேன், முழு வெள்ளைத்தாளில் நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்வேன்.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் ஒரு கூட்டம். அன்று புயல் மழை. நூறு நாற்காலி போட்ட இடத்தில் பதினோரு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் மைக்கின் முன்னால் நின்று, எழுதி வைத்திருந்தபடியே, "பெருந்திரளாகக் கூடியிருக்கும் சான்றோர்களே" என்று ஆரம்பித்தேன். யாரோ சிரித்தார்கள். நிறுத்தத் தெரியவில்லை. மேடையில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, நாலு பக்கத்தையும் சொல்லி முடித்தேன். காலியான நாற்காலிகளில் பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

நாற்காலிகளை அடுக்கும்போது வாட்ச்மேன் அய்யாசாமி சொன்னார்: "இன்னா சார், பதினோரு பேருக்கு மைக்கு எதுக்கு? ஒவ்வொருத்தர் காதாண்ட வந்து சொல்லியிருந்தாலே வூட்டுக்குச் சீக்கிரம் போயிருப்போமே."

ஜனவரியில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மன்றத் தலைவர் வேலுமணி, "டீச்சரம்மா பேசட்டுமே" என்றார். அன்றும் கூட்டம் இல்லை. ஒன்பது பேர், ஹாலின் நாலு மூலையிலும் ஆளுக்கொரு பக்கமாக. சோபியா மேடைக்கே ஏறவில்லை. மைக்கை அணைக்கச் சொன்னாள். "எல்லாரும் முன்னாடி வாங்களேன். நாற்காலியை இப்படி வட்டமா இழுத்துக்கலாம்" என்றாள். வந்திருந்த எழுத்தாளரையும் கீழே வந்து உட்கார வைத்தாள். அவளும் உட்கார்ந்தபடியே, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல அவரைப் பற்றி மூன்று நிமிடம் சொன்னாள். அவருடைய கதை ஒன்றில் யாருக்கு எது பிடித்தது என்று இரண்டு பேரிடம் கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த எழுத்தாளர் இரண்டு மணி நேரம் பேசினார். யாரும் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு அழைப்பிதழில் அறிமுகவுரை என்ற இடத்தில் அவள் பெயர்தான். அதை டைப் அடித்தது நான்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன். "உங்க வீட்டம்மா பேசினா போதும் சார், வேற பேச்சாளரே வேணாம்" என்று கான்டீனில் யாராவது சொன்னால், "ஆமாங்க" என்பேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் தடுமாறும் இடத்தைத் தேடுவேன். ஒருமுறை ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிக் காட்டினேன். "அட, ஆமாம்" என்று குறித்துக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டு கூட்டத்துக்கு உமாராணி என்ற பேராசிரியை வருவதாக இருந்தது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களோடு இரண்டு வருடம் தங்கி, கூடவே உட்கார்ந்து உடைத்து, ஒரு புத்தகம் எழுதியிருந்தார். நூலக அறையில் நாற்பது பேருக்கு ஏற்பாடு. சோபியாவுக்குப் பத்து நிமிடம். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறவர்கள் என்பதால் புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துப் பேசப்போவதாகச் சொன்னாள்.

கூட்டத்தன்று மதியம் இரண்டு மணிக்கு ஸ்டோர்ஸுக்கு வேலுமணி போன் செய்தார்.

"ஆனந்த்ராஜ், கேட்டுக்குங்க. நூலகத்துல ஒயரிங் போயிருச்சு. நம்ம பிளாக் பிள்ளைங்க விளையாட்டு விழா மேடையிலயே இன்னைக்கு நம்ம கூட்டத்தையும் சேர்த்துட்டோம். எழுநூறு பேர் வருவாங்க. அப்புறம், அந்தம்மாவுக்கு ராத்திரி விருத்தாசலத்துல ரயிலு. அதனால எல்லாருக்கும் பாதி நேரம். டீச்சரம்மாவுக்கு அஞ்சே நிமிசம். மறக்காம சொல்லிருங்க."

"சொல்லிடறேன் சார்."

போனை வைத்தேன். முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் அலாரம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எழுநூறு பேர் முன்னால் அவள் அந்தத் தாள்களை அவசர அவசரமாகப் புரட்டுவது என் கண்ணில் வந்தது. அந்தக் காட்சி எனக்கு வேண்டியிருந்தது.

"ஏங்க, மாத்தம் ஏதாவது உண்டா? வேலுமணி சார் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

எனக்கு முன்னால் போக வேண்டிய வேலை இருக்கிறது என்று சொல்லி நான் முதலில் கிளம்பிவிட்டேன். அவள் நூலகத்துக்குப் போய், பூட்டியிருப்பதைப் பார்த்து, அய்யாசாமி வழி சொல்ல, மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது விழா தொடங்கிவிட்டது. பெஞ்சுகளும் தரையும் நிரம்பி, சுவர் மேலெல்லாம் பிள்ளைகள். மேடைப் படிக்குப் பக்கத்தில் வேலுமணி அவளிடம் ஐந்து விரலை விரித்துக் காட்டினார். அவள் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடினாள். நான் மேடைக்கு இடப்பக்கம், ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தின் பின்னால் நின்றேன்.

அவள் வேலுமணியிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "மேடையில இருக்கறவங்க பேரெல்லாம் வரவேற்புல சொல்லியாச்சா சார்?"

"எல்லாம் சொல்லியாச்சு. ஒருத்தரும் பாக்கியில்ல."

"அப்ப நான் சொல்ல வேணாம்."

எங்கள் கூட்டங்களில் மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் "அவர்களே, அவர்களே" என்று விளிக்காமல் பேச ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அதுவே இரண்டு நிமிடம் தின்னும். ஒரு பெயர் விட்டால் மறுநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். அவள் அதை ஒரு கேள்வியில் இறக்கி வைத்துவிட்டாள். அடுத்து, பர்ஸிலிருந்து பேனா எடுத்து, நின்றபடியே தாளில் கோடு போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். கையில் ஒன்று மட்டும் இருந்தது. மேடை ஏறும்போது அதையும் மடித்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். நிறுத்தினாள். மைதானத்தின் கடைசியில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அந்தச் சொல் போய்ச் சேர்ந்து முடியும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்படியே காத்திருந்தாள். பாதி நேரம் என்றால் இரண்டு மடங்கு வேகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் வீட்டில் பேசியதைவிட மெதுவாகப் பேசினாள்.

"வெண்பொங்கல்ல முந்திரிப்பருப்பு யார் யாருக்குப் பிடிக்கும்? கையைத் தூக்குங்க."

பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு கை தூக்கினார்கள்.

"அந்தப் பருப்பு வெள்ளையா இருக்கு. அதை உடைக்கற கை எந்த நிறத்துல இருக்கும்னு யாருக்காவது தெரியுமா?"

சத்தம் அடங்கியது. முந்திரி ஓட்டின் பாலில் தோல் வெந்து கறுத்துப்போகும் என்று சொன்னாள். பின்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். மேடையில் உட்கார்ந்திருந்த உமாராணியின் பக்கம் திரும்பினாள். "இவங்க கட்டைவிரல்ல ஒரு வடு இருக்கு. பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியாது, அதனால நான் சொல்றேன். இவங்க காலேஜ்ல பாடம் நடத்தறவங்க. ரெண்டு வருஷம் முத்தாண்டிக்குப்பத்துல உட்கார்ந்து கொட்டை உடைச்சாங்க. அங்க என்ன பார்த்தாங்கன்னு இப்ப நமக்குச் சொல்லப் போறாங்க. பேராசிரியர் உமாராணி."

பட்டம், பரிசு, மற்ற நாலு புத்தகங்களின் பெயர், மூன்றாவது அத்தியாயம், எதுவும் வரவில்லை. பெயரைக் கடைசியில் வைத்ததால் கைதட்டல் நேராக அந்த அம்மாளிடம் போனது. நான் மணிக்கட்டைப் பார்த்தேன். நாலரை நிமிடம்.

கைதட்டாமல் நின்றவன் அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

விழா முடிந்ததும் வேலுமணி எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணிக்குச் சொல்லி அனுப்பினதை வெச்சு இவ்வளவு நல்லா மாத்திட்டீங்களே டீச்சரம்மா! ஆனந்த்ராஜ் சரியா சொன்னாரில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான்.

"சொன்னாருங்க சார். நேரம் இருந்துச்சு" என்றாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான், "அது வந்து, மறந்து..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம்" என்றாள் பின்னால் இருந்து. "எனக்கு இன்னும் கோபம் வரல. வந்ததும் சொல்றேன்."

சொல்லவேயில்லை. ஏழரை வருடம். அடுத்த மாதமே வேலுமணியிடம் பேசி, அறிமுகத்தை ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் எனக்குத் திருப்பித் தர வைத்தாள். நான் பேசப்போகும் நாளில், கூட்டம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று அவளே போன் செய்து கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைப்பாள். அந்த நல்ல மனதின் மீதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னால் அப்படி இருக்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டதே என்று.

அவள் போன முப்பதாம் நாள், நினைவு மலருக்கு எழுதியதைக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். மன்றத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகள் அங்கே அலமாரியில் இருக்கின்றன. தொண்ணூற்றொன்பதை எடுத்தேன். முந்திரிக் கூட்டத்துக்கு மறுநாள் காலையில், செயலாளர் என்ற முறையில் நான் எழுதிய பக்கம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே வேலுமணியின் ஒப்புதல் கையெழுத்து இருந்தது. அடிக்கவும் முடியவில்லை, பக்கத்தில் எழுதவும் முடியவில்லை. அய்யாசாமி வந்து, "பூட்டணும் சார்" என்றார்.

ஆறாவது வரி: நிகழ்ச்சி மாற்றம் அறிமுகவுரையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது.