பெஞ்சின் தலைமாட்டில் ஓர் ஆள்

சென்னியப்பன் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சும்மா நிற்கிற மெஷினைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலைக் கம்பெனியோடு விட்டிருக்கலாம். ஜிம்முக்கும் கொண்டுபோனான், வினை அங்கேதான் வந்தது.

ஷிப்டு முடிந்து ஓவர்டைம் தொடங்க ஒரு மணி நேரம். நடந்து போய்வரும் நேரம் போக ஜிம்மில் கிடைப்பது நாற்பது நிமிடம். அதில் பாதியை அவனும் அயர்ன் மாஸ்டர் காசிமாயனும் பேசியே தீர்ப்பார்கள். காசிமாயன் ஆண்டிபட்டிக்காரன், கதை ஆரம்பித்தால் லேசில் விடமாட்டான். ஒருவன் பெஞ்சில் படுத்து, எடைக்கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளி பெஞ்ச் பிரஸ் அடிப்பான். கம்பி சிக்கினால் பிடிக்க மற்றவன் தலைமாட்டில் நிற்பான். பிறகு அரட்டை. இரண்டு பயிற்சி முடிவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

ஈரோட்டில் ஆணழகன் போட்டி வந்தது. இருவருக்கும் மேடை ஏற ஆசை. சென்னியப்பன் இரண்டு பயிற்சியை அடுத்தடுத்துச் செய்யும் சூப்பர்செட் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்தான்.

"நெஞ்சு வேலை செய்யறப்ப முதுகு சும்மாதானுங்க இருக்குது. பெஞ்ச் முடிச்ச கையோட குனிஞ்சு எடையத் தூக்கி ரோயிங் இழுத்தா, அப்ப நெஞ்சு ஓய்வெடுத்துக்கும். ரெண்டும் முடிஞ்சு ஒரு நிமிசம் நின்னாப் போதுமுங்க."

"அப்ப கதையெல்லாம் எப்ப பேசுறது மாப்ள?" என்றான் காசிமாயன்.

"கப்பு வாங்கிட்டுப் பேசலாமுங்க."

கணக்கு நன்றாகவே வந்தது. ஒருவன் பெஞ்சில், ஒருவன் ரோயிங்கில், மாற்றி மாற்றி. கடைசியில் சர்க்கியூட்: பஸ்கி, தண்டால், வயிற்றுப் பயிற்சி என்று நிற்காமல் மூன்று சுற்று. நேரம் மிச்சம் பிடிக்க, எடைப் பிளேட்டு நழுவாமல் கம்பி முனையில் மாட்டும் பூட்டையும் விட்டுவிட்டார்கள். தலைமாட்டில் ஆளில்லை என்பது சென்னியப்பனுக்கு உறைக்கவே இல்லை. ஒருவரும் சும்மா இல்லையே என்று பூரித்துப்போனான்.

ஒருநாள் காசிமாயனின் கம்பி பாதியில் நின்றது.

"மாப்ள!"

சென்னியப்பன் முதுகைக் காட்டிக் குனிந்து, கை நிறைய எடையோடு இருந்தான். அதை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள், நெஞ்சை அழுத்திய கம்பியைக் காசிமாயன் ஒருபக்கம் சாய்த்தான். அந்தப் பக்கத்துப் பிளேட்டுகள் சரிந்து விழ, கம்பி மறுபக்கம் வெடுக்கென்று புரண்டது. அவன் தோளும் அதோடு போனது.

ஆஸ்பத்திரியில் இறங்கின தோளை ஏற்றிவிட்டார்கள். ஆனால் நாள் முழுக்க அயர்ன் பாக்ஸ் தள்ள அந்தக் கையால் முடியவில்லை. காசிமாயன் ஊருக்கே கிளம்பினான்.

"விடு மாப்ள, ஒன் தப்பா என்ன?" என்றான் பஸ் ஸ்டாண்டில்.

சென்னியப்பன் காசிமாயனின் பையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவைத்தான். போட்டிக்கும் அவன் போகவில்லை.

இப்போதும் அதே நாற்பது நிமிடம், அதே சூப்பர்செட். ஆனால் அவனையும் சேர்த்து மூன்று பேர். ரோயிங் முடித்தவன் தலைமாட்டுக்கு வர வேண்டும். அதுவே அவனுக்கு ஓய்வு. பூட்டு மாட்டாமல் யாரும் கம்பியைத் தொடக்கூடாது.

"ஏனுங்க, ஒருத்தரு சும்மாவே நிக்கோணுமுங்களா?" என்று புதிதாய்ச் சேர்ந்த மணியன் கேட்டான்.

"நில்லுங்க. அதும் வேலைதானுங்க."

இதைக் காசிமாயன் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா என்று சென்னியப்பனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. சென்னியப்பன் பெஞ்சில் படுத்தான். தலைமாட்டில் நின்ற மணியன் பொழுது போகாமல் ஏதோ ஊர்க்கதை ஆரம்பித்தான். சென்னியப்பன் அவனைத் தடுக்கவில்லை. அது முடியும் வரை கேட்டுவிட்டுத்தான் கம்பியைத் தூக்கினான்.