அவனை நான் நம்பியதாகத் தீர்ப்பு

என் பெயர் மருதாசலம். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் அந்த வாத்தியாரை நம்பவில்லை. மலைமேல் குண்டூர் நாட்டில் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காப்பி, ஓரத்தில் பலா. அடிவாரத்து வியாபாரி அப்துல் நாசரிடம் முப்பது வருஷமாக மிளகு போடுகிறேன். தராசைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மூட்டையும் போட்டதில்லை. சீட்டு வாங்காமல் திரும்பியதும் இல்லை. இப்படிப்பட்ட என் மூன்று ஏக்கரும் என் அக்கா மகன் சுரேந்தரின் பெண்டாட்டி பேருக்குப் போய்விட்டது.

மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். செலவுக்கு ரோட்டோரம் ஒரு ஏக்கரைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மிளகு காயப்போட ஒரு களம் வேண்டும் என்று நாசர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விலையும் பேசி முடித்தோம். ஆனால் அளக்க, பத்திரம் எழுத, ஆபீசுக்கு அலைய எனக்குக் கால் இல்லை.

“நான் எதுக்கு மாமா இருக்கேன்? எம்பேருக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க. நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டே இருங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான் சுரேந்தர்.

ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பும் வழியிலேயே காரைப் பதிவு ஆபீசுக்கு விட்டான். எழுத்தரை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

“விற்கவும்னு போட்டிருக்கே. மூணு ஏக்கரையுமா?”

“சர்வே நம்பர் ஒண்ணுதானுங்க. முழுசாத்தான் எழுதணும். விக்கிறது உங்க இஷ்டப்படிதானுங்களே.”

“வர்ற பணம்?”

“அவர் வாங்கி உங்ககிட்டக் கொடுப்பாருங்க.”

பக்கங்களை எண்ணினேன். எச்சிலைத் தொட்டு மறுபடியும் எண்ணினேன். கையெழுத்துப் போட்டு ரேகை வைத்தேன். எழுத்தரையும் சந்தேகப்பட்டேன், காகிதத்தையும் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றவனை மட்டும் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சுரேந்தர் ஒரு டாக்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தான். அக்கம்பக்கம் அசந்துபோயிற்று. பெற்ற பிள்ளை கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள். டாக்டர் நாடியைப் பிடித்தார், பெயர் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். இடுப்பைத் தொடவே இல்லை. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு காகிதத்தில் என் படத்தை ஒட்டி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“மாப்ளே, அந்தாளு டாக்டர்தானா? எனக்குச் சந்தேகமா இருக்குது.”

“அசல் டாக்டர் மாமா. உங்களைப் பாத்துட்டு நல்லா இருக்கீங்கன்னு எழுதிக் கொடுத்துட்டாரு.”

அசல் டாக்டர்தான். எழுதிக் கொடுத்ததும் உண்மைதான். விஷயம் பின்னால்தான் தெரிந்தது. பவர் கொடுத்தவன் செத்தால் பவரும் அவனோடு செத்துவிடுமாம். அதனால் பவர் எழுதி முப்பது நாள் தாண்டிவிட்டால், கொடுத்தவன் உயிரோடு இருக்கிறான் என்று சான்று வைக்காமல் ஆபீசில் கிரயம் பதியமாட்டார்களாம். எனக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் இல்லை அவர். நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். நானோ அவருக்குப் பலாச்சுளை கொடுத்து அனுப்பினேன்.

நாசரிடம் கேட்டால் சுரேந்தர் தள்ளிப் போடுகிறான் என்றார். சுரேந்தரிடம் கேட்டால் நாசர் தள்ளிப் போடுகிறார் என்றான். ஏழு மாதம் கழித்து நாசருக்குப் பொறுக்கவில்லை. வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டு பைக்கில் மேலே வந்தார்.

“ஏனுங்கண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூணு ஏக்கரையும் கொடுத்துட்டீங்களே.”

“யாருக்கு?”

“கோகிலவாணின்னு ஒரு பொம்பளைக்கு. ஏக்கருக்கு நான் பேசின விலையில மூணுல ஒரு பங்குக்கு. உங்க பவரை வச்சுத்தான்.”

“அது சுரேந்தர் சம்சாரமாச்சே.”

நாசர் வில்லங்கச் சான்றை மடித்துப் பையில் வைத்தார். “நம்ம பையன்னு நினைச்சுட்டீங்க போல” என்றார். இடுப்பெலும்பு முறிந்தபோது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

வக்கீல் வித்யாஸ்ரீக்கு வயது முப்பது இருக்கலாம். முதல் வேலையாக வக்காலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

“இது என்ன கண்ணு?”

“உங்களுக்காக கோர்ட்ல நான் பேசறதுக்கு நீங்க எனக்குக் கொடுக்கிற அதிகாரம் ஐயா.”

“இன்னொரு பவரா?”

அதையும் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். முதலில் பவரை ரத்து செய்து பதிந்து, சுரேந்தருக்கு நோட்டீஸ் அனுப்பினாள். அந்த நிலத்தை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று தடை வாங்கினாள். பிறகு கிரயம் செல்லாது என்று வழக்குப் போட்டாள். சுரேந்தரின் பதில் மனு வந்தது. மாமா சொல்லித்தான் விற்றேன், பணம் முழுக்க ரொக்கமாக மாமா கையில் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தான்.

நான் கூண்டில் ஏறுவதற்கு முதல் நாள் வித்யாஸ்ரீ என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

“ஐயா, நீங்க சுரேந்தரை நம்பினீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க.”

“நான் ஒருத்தனையும் நம்பறதில்லியே.”

“அதைச் சொன்னா கேஸ் சாய்ஞ்சுடும். நம்பி ஒப்படைச்ச சொத்தை ஒருத்தர் தன் சொந்த ஊட்டுக்கே வித்தா, நேர்மையாத்தான் வித்தேன்னு நிரூபிக்கிற பாரம் அவர் தலையில. கோர்ட்டு அதைச் சந்தேகத்தோடதான் பாக்கும். நம்பிக்கையே இல்லைன்னு நீங்க சொல்லிட்டா, எல்லாம் தெரிஞ்சு, யோசிச்சு, சம்மதிச்சுத்தான் கொடுத்தாருன்னு அவங்க திருப்பிடுவாங்க.”

“ஊர் முழுக்க சிரிக்குமே கண்ணு.”

“நெலம் வேணுமா, பேரு வேணுமா?”

இரண்டும் வேண்டும் என்றேன். கேஸ் கட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் கோர்ட்டில் எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒரு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க. சுரேந்தரின் வக்கீல் தனபால் எழுந்தார். தேன் தடவிய குரல்.

“பெரியவரே, பவரை எத்தனை தடவை படிக்கக் கேட்டீங்க?”

“மூணு.”

“பக்கத்தை எண்ணினீங்களா?”

“ரெண்டு தடவை.”

“அடேங்கப்பா. உங்களை ஏமாத்தறது கஷ்டம்னு சொல்லுங்க.”

“இதுவரைக்கும் ஒருத்தன் பொறக்கலை” என்றேன். பெஞ்சில் தலையாட்டினார்கள். வித்யாஸ்ரீ நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

தனபால் டாக்டர் சான்றை எடுத்து நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே? அப்ப கிரயம் நடக்கப்போறது உங்களுக்குத் தெரியும்.”

“இதுல என்னங்க எழுதியிருக்குது?”

“நீங்க உயிரோட இருக்கீங்கன்னு.”

“இருக்கேனே. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். நெலத்தை விக்கிறதைப் பத்தி அதுல ஒரு எழுத்து இருந்தாக் காட்டுங்க.”

நீதிபதி பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். தனபால் சான்றை மடித்து வைத்துவிட்டு நெருங்கி வந்தார்.

“கடைசிக் கேள்வி. யாரையும் நம்பாத மனுஷர் நீங்க. சுரேந்தரையும் நம்பலை. எல்லாத்தையும் தெரிஞ்சுதான் கொடுத்தீங்க. சரிதானே?”

எழுபத்திரண்டு வருஷம் கட்டிக் காத்த பேர். ‘சரி’ என்று சொல்ல நாக்கு துடித்தது. நாசர் கடைசி வரிசையில் இருந்தார். சுரேந்தர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கைக் கடித்தேன். மூன்று ஏக்கர். அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“நம்பினேனுங்க” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“அந்த நாயை நம்பினேனுங்க அய்யா.”

“நாயை எழுத வேண்டாம்” என்று டைப் அடிக்கிற அம்மாவிடம் சொன்னார்.

பிறகு சுரேந்தர் ஏறினான். வித்யாஸ்ரீ கேட்டாள்: “பணம் கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?”

“மாமன் மருமகனுக்குள்ள ரசீது எதுக்குங்க?”

“பக்கத்தை ரெண்டு தடவை எண்ணுறவரு, மூணு ஏக்கர் பணத்துக்குச் சீட்டு கேக்கலையா?”

அவன் தண்ணீர் கேட்டான்.

கடைசியாகக் கோகிலவாணி. பாவம், அவளுக்கு மலை பஸ் ஒத்துக்கொள்ளாது. நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை கூட மேலே வந்ததில்லை.

“நிலத்தைப் பாத்துத்தான் வாங்கினீங்களாம்மா?” என்றாள் வித்யாஸ்ரீ.

“ஆமாங்க. நல்லாப் பாத்தேன்.”

“என்ன வெள்ளாமை?”

அவள் புருஷனைப் பார்த்தாள். நீதிபதி இங்கே பார்க்கச் சொன்னார்.

“நெல்லுங்க. தென்னையும் இருக்குது.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எங்கள் சரிவில் தென்னையும் இல்லை, நெல்லும் இல்லை.

“விலையை யார்கிட்டப் பேசினீங்க?”

“அவர்கிட்டத்தானுங்க.”

“வீட்டுக்காரர்கிட்டயா? எங்க வச்சு?”

“ஊட்லதாங்க. சோறு போடறப்ப.”

“குறைச்சுக் கேட்டீங்களா?”

“அவரே சொன்னாருங்க, இவ்வளவுதான்னு.”

“பணம் ஏது?”

“அவர் கொடுத்தாருங்க.”

“யாருகிட்டக் கொடுத்தீங்க?”

“அவர்கிட்டயேதாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது போலிருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்துப் போடு என்றால் போட்டிருப்பாள். என்னை மாதிரி மூன்று தடவை படிக்கக்கூடக் கேட்டிருக்கமாட்டாள்.

நாசரும் சாட்சி சொன்னார். தான் பேசிய விலை சுரேந்தருக்குத் தெரியும் என்றார். மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கிரயம் ரத்து. நகலை வித்யாஸ்ரீ எனக்குப் புரிகிற தமிழில் சொன்னாள். பவர் வைத்திருப்பவன் சொந்தக்காரன் இல்லை, சொந்தக்காரனின் கை மட்டுமே. அந்தக் கை தன் பக்கமே இழுத்துக்கொண்டால் கோர்ட்டு கண்ணை மூடிக்கொண்டிருக்காது. கூடுதல் விலைக்கு ஆள் இருப்பது தெரிந்தே குறைத்து விற்றான், சம்சாரத்துக்கு விற்றான், நிலக்காரனிடம் சொல்லவில்லை, பணம் சேர்ந்ததற்குத் துண்டுச்சீட்டு இல்லை. உயிரோடு இருப்பதற்கான சான்று உயிருக்குத்தான் சான்று, விற்கச் சம்மதித்ததற்கு அல்ல.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினோராம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி. ‘வாதி முதியவர், அதிகம் படிக்காதவர், முதல் பிரதிவாதியை முழுமையாக நம்பியவர்.’

“கண்ணு, இந்த வரியை எடுத்துட முடியுமா?”

“ஐயா, அந்த வரியிலதான் கேஸே ஜெயிச்சிருக்குது.”

“முழுமையாகங்கிறதையாவது? கொஞ்சம்னு போடச் சொல்லேன்.”

முடியாது என்றாள்.

ரோட்டோர ஒரு ஏக்கரை நாசருக்கு நானே ஊன்றுகோலோடு போய் எழுதிக் கொடுத்தேன். பதிந்து முடித்ததும் அவர் மெல்ல ஆரம்பித்தார். “அண்ணா, அந்தப் பதினோராம் பக்கம்…” இந்த வருஷ மிளகை வேறு ஆளுக்குப் போட்டுவிடுவேன் என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

சுரேந்தர் அப்பீல் போட்டிருக்கிறானாம். எனக்குப் பயம் வந்துவிட்டது, நிலத்துக்காக இல்லை. “அங்கயும் கூண்டில ஏறி அதையே சொல்லணுமா கண்ணு?” என்று கேட்டேன்.

“வேண்டாங்க ஐயா. அங்க பெரும்பாலும் காகிதத்தைத்தான் படிப்பாங்க. நீங்க சொன்னது ஏற்கெனவே எழுத்தில இருக்குது.”

எழுத்தில் இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாமாம், அதற்கும் ஒரு கட்டணம் இருக்கிறதாம்.