சுமேஷின் கடைசி நாளில் எழுத மறுத்த சர்வர்

சுமேஷ் வேலையை விட்டுப் போகிற நாள் அன்று. காக்கநாட்டு ஆபீசின் பேன்ட்ரியில் அவன் பெயர் எழுதிய கேக் காத்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. அந்த நேரம் பார்த்து, அவர்கள் செய்து கொடுத்த ஆப்பில் ரிசல்ட் ஏற்றுகிற, ஊரெங்கும் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து போன் வரத் தொடங்கியது. பழைய ரிசல்ட்டெல்லாம் திரையில் வருகிறது, புது ரிசல்ட்டைச் சேமித்தால் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. டாக்டர்கள் அங்கே கத்திக்கொண்டிருந்தார்கள்.

டீம் லீடர் லிஜி பிழைச் செய்தியைப் படித்தாள். ரீட்-ஒன்லி, அதாவது படிக்கலாம், எழுதக் கூடாது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நேற்றைய வேலை ஞாபகம் வந்தது. நேற்றுதான் சுமேஷ், அறிக்கை எடுப்பவர்களுக்காக டேட்டாபேசில் ஒரு யூசரை உருவாக்கி, அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்தான். செய்யச் சொன்னவளே லிஜிதான். ஆனால் மனசு ஒரு தடவை கோணிவிட்டால் அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? எழுதுகிற யூசரையும் சேர்த்துப் பூட்டிவிட்டானோ? நாளை மறுநாள் போட்டிக் கம்பெனியில் சேரப் போகிறவன். காலையிலிருந்து எதற்கு அவ்வளவு சிரிப்பு அவனுக்கு? மேஜையை ஏன் அத்தனை சீக்கிரம் காலி செய்தான்?

இத்தனைக்கும் ஆறு வருஷமாக ஒரு சின்னப் பிழை வந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவாள். இன்று கூப்பிடவில்லை. நேரே இயக்குநர் குருவிளாவின் அறைக்குப் போய், சுமேஷ் மேல்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் பொறுமையாக விசாரிக்கிற ஜாதியா என்ன? உடனே அவனுடைய லேப்டாப்பைப் பிடுங்கச் செய்து, வரவேற்பறையில் செக்யூரிட்டிக்கு எதிரே உட்காரவைத்தார். விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து கிடையாது, போலீசில் புகார்தான் என்றார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் புது வேலை போச்சு.

சும்மா சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும் என்று லிஜி உட்கார்ந்தாள். யூசரைத்தான் பூட்டியிருக்கிறான் என்றால், உள்ளே நுழைந்து "இந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுத விடு" என்று கட்டளை போட்டால் சர்வர் விட்டுவிடும். அந்தப் பூட்டு அவ்வளவுதான், கேட்டால் திறக்கும். விட்டுவிட்டால் சுமேஷ் மாட்டினான். ஆப் எந்த சர்வருக்குப் போகிறதோ அதற்கே, அதே யூசராகப் போய்க் கட்டளையைத் தட்டினாள்.

சர்வர் மறுத்தது. மறுத்ததோடு காரணத்தையும் சொன்னது: மீட்பு நிலையில் இருக்கும்போது எழுத்துக்கு மாற முடியாது.

மீட்பு நிலையில் இருப்பது நகல் சர்வர். மூல சர்வரில் எழுதுவதை வாங்கிப் பிரதி வைத்துக்கொள்ளுமே தவிர, வேறு யாரையும் எழுத விடாது. எந்த யூசர் வந்தாலும் அதே பதில்தான். அப்படியானால் ஆப் நகலோடு அல்லவா பேசிக்கொண்டிருக்கிறது!

ஆபீஸ் குரூப்பைத் திறந்து மேலே மேலே தள்ளினாள். சுமேஷுக்கு வந்த வாழ்த்துகளும் பூங்கொத்துப் படங்களுமாகக் குவிந்து கிடந்தன. அதற்கடியில் சர்வர் பிரிவுக்காரர்களின் ஒரு வரி: பராமரிப்புக்காக இன்று மதியம் மூலத்தையும் நகலையும் இடம் மாற்றுகிறோம், இனி மூலம் நகலாகும், நகல் மூலமாகும். ஒருத்தரும் படிக்கவில்லை. படிக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எது மூலமோ அதையே தேடிப் போகிற ஒரு பொதுப் பெயர் சர்வருக்கு உண்டு. மழைக்காலத்தில் நெட்வொர்க் சண்டித்தனம் செய்தபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பழைய மூல சர்வரின் எண்ணையே ஆப்பில் நேரடியாகப் போட்டவள் லிஜி. இப்போதைக்கு இருக்கட்டும் என்று போட்டது. திருப்பி மாத்திடுங்க சேச்சி என்று சுமேஷ் எத்தனை தடவை சொல்லியிருப்பான்!

பெயரைத் திருப்பிப் போட்டு ஆப்பை மறுபடி ஓடவிட்டாள். ரிசல்ட்டுகள் மளமளவென்று ஏறின. குருவிளாவிடம் போய், தப்பு என்னுடையது சார் என்று சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டதற்கு, போகிறவனுக்கு அது எதற்கு என்றுவிட்டார்.

வரவேற்பறையில் சுமேஷ் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லிஜி கடிதத்தை நீட்டினாள். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள், எண்ணைப் போட்டது உட்பட.

"சார்கிட்ட உன்மேல சந்தேகம்னு சொன்னதும் நான்தான்டா," என்றாள்.

"தெரியும் சேச்சி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரிசல்ட் ஏறலன்னு மாடியே அலறுது, நீங்க மட்டும் என்னைக் கூப்பிடல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கேக் வெட்ட வாடா என்று கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு, செக்யூரிட்டியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனான்.