பட்டறையில் இல்லாத லிஃப்ட்

பட்டறையின் நடுச்சுவரில், ஒரு கட்டிலை நிமிர்த்தி வைத்த அளவுக்கு, பராமரிப்பு அட்டவணை தொங்கியது. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. இடப்பக்கம் மெஷின்களின் பெயர்கள், மேலே வாரங்கள். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியதற்கு நீலம், மாதம் ஒருமுறைக்கு மஞ்சள், ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்குச் சிவப்பு. சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று ஒரு நீண்ட சாம்பல் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு நாட்டுக் கொடி மாதிரி இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. கிரீஸ் கை பட்டால் உறை கெட்டுவிடும்.

இதை உருவாக்கியவர் முதலாளியின் மைத்துனர். ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய், மதியச் சாப்பாடும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு திரும்பியவர், மறுநாளிலிருந்து கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டார். அட்டையில் 'பராமரிப்பு மேனேஜர்' என்று இருந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அவரை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். மரியாதைக்காகவா கேலிக்காகவா என்று அவர் கேட்டதில்லை; கேட்டால் பதில் வந்துவிடுமே.

அட்டவணையில் எல்லாம் இருந்தது. காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸரின் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினம் திறந்துவிட வேண்டும். காற்று உறிஞ்சும் ஃபில்டரை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பெல்ட்டின் இறுக்கத்தை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை மையில் ஒரு டிக். டிக் மட்டும் நாள் தவறாமல் விழுந்தது. மேனேஜருக்கு வெள்ளையாக ஒரு கட்டம் கிடந்தால் சாப்பாடு இறங்காது.

வேலை நடக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அது மாடியில் உட்கார்ந்திருந்தது.

முதலாளி பட்டறையைக் காதால் நடத்துகிறவர். கணக்கெல்லாம் மனைவி பார்த்துக்கொள்வார். கீழே கம்ப்ரஸர் 'தடதட'வென்று ஓடினால் மாடியில் நாற்காலி லேசாக நடுங்கும். நாற்காலி நடுங்கினால் தொழில் நடக்கிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்றால் போதும், செருப்புக்கூட மாட்டாமல் இறங்கி வந்துவிடுவார்.

"என்னாச்சு? ஏன் நின்னுச்சு? யார் நிறுத்துனா?"

"சனிக்கிழமை மொதலாளி. ரெண்டு மணி. போர்டுல போட்டிருக்கு," என்று ஃபிட்டர் ஆரம்பத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"போர்டா எனக்குச் சோறு போடுது? ஓடுற மெஷினை எவனாவது நிறுத்துவானா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரமும் இதையேதான் சொன்னார். ஃபிட்டரும் லேத்காரரும் விவரமானவர்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தால் மாடிக்காரர் இறங்க மாட்டார் என்று கண்டுகொண்டார்கள். அதை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக டீ குடித்தார்கள். இப்படியாக ஒருவருக்கு வருமானமும் இருவருக்கு ஓய்வும் அந்தச் சத்தத்திலிருந்தே கிடைத்துவந்தன. கம்ப்ரஸருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பம்ப் கம்பெனி ஒன்று வருடம் முழுக்கத் தண்டுகள் கடைந்து தரும் வேலையைக் கொடுக்க முன்வந்தது. கிடைத்தால் பட்டறை தலை நிமிரும். கிடைக்காவிட்டால் இரண்டாவது லேத்தை விற்க வேண்டியதுதான் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டாவது லேத் போனால் லேத்காரரும் கூடவே போவார். ஆர்டருக்கு ஒரே நிபந்தனை: அவர்களுடைய ஆய்வாளர் வந்து, மெஷின்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பார்.

மேனேஜர் ஆனந்தத்தில் பட்டறையின் கலைச்செல்வமான அந்த அட்டவணையைப் போட்டோ எடுத்தார். திங்கட்கிழமை காலை, யாரும் கேட்காமலே, அதைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "நன்றி. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன். அன்று கம்ப்ரஸருக்குத் திட்டமிட்ட நிறுத்தம் என்று பார்த்தேன்."

"மாமா, மாட்டிக்கிட்டோம்," என்றார் மேனேஜர்.

"மாட்டிக்கிட்டோம்னு என்னையும் ஏன்டா மாப்ள சேத்துக்கிற? போட்டோ எடுத்தது நானா?"

சனிக்கிழமை வந்த ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. வெள்ளை நிறக் காலணி அணிந்திருந்தார். பேச்சு மெதுவாக இருந்தது, அதுவே மேனேஜருக்குப் பீதியைக் கொடுத்தது. அட்டவணைக்கு முன்னால் நின்று, உறையைத் தொடாமல், வரிவரியாகப் படித்தார்.

"நல்லா இருக்கு. இன்னைக்குச் செய்யப்போற வேலைக்குத் திங்கட்கிழமை எடுத்த போட்டோவுலயே டிக் இருந்துச்சு. அவ்வளவு நம்பிக்கையா?"

"அது... திட்டமிட்ட டிக், மேடம்," என்றார் மேனேஜர்.

ஆய்வாளரின் விரல் கடைசி வரிக்கு இறங்கியது. "லிஃப்ட். கம்பி வடம் பார்த்தல், கதவு பூட்டு பார்த்தல். மாசா மாசம் டிக். சரி, லிஃப்ட் எங்க இருக்கு?"

ஃபிட்டரும் லேத்காரரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரித் தாள் ஏதோ ஏழு மாடித் தொழிற்சாலையுடையது. மேனேஜர் அதை அப்படியே காப்பி அடித்திருந்தார். பட்டறையில் மாடிக்குப் போக இருந்தது பதினோரு படிகள் மட்டும்.

"சர்வீசுக்குப் போயிருக்கு மேடம்," என்றார் முதலாளி, மைத்துனரைக் காப்பாற்றும் பெருந்தன்மையோடு.

"லிஃப்ட்டா?"

"ஆமா. கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

படியில் நின்றுகொண்டிருந்த முதலாளியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. "உண்மையச் சொல்லணும்னா மேடம், இந்தப் பட்டறையிலேயே ஒரு தடவைகூடப் பழுதாகாத மெஷின் அது ஒண்ணுதான்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டாச்சு. கம்ப்ரஸரை நிறுத்துங்க. எப்படிச் செய்றீங்கன்னு பார்க்கிறேன்."

முதலாளியின் முகத்தில் சொந்தக்காரரை ஆபரேஷனுக்கு அனுப்பும் கலவரம் தெரிந்தது. ஃபிட்டர் மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டுப் போட்டார். மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

"என்னமோ மாதிரி இருக்கு," என்று முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

ஃபிட்டர் தொட்டியிலிருந்த காற்றை வெளியேற்றினார். கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைத்துக்கொண்டு, அடியிலிருந்த குழாயைத் திறக்கக் குனிந்தார். குழாய் திறக்கவில்லை. ஸ்பேனரால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"தினமும் திறக்கிற குழாய்," என்று ஆய்வாளர் நினைவுபடுத்தினார்.

"தினமும் இறுக்கமா மூடுறோம் மேடம்," என்றார் ஃபிட்டர்.

மூன்றாவது தட்டில் அது திறந்தது. டீக்கடைச் சாயம் போல ஒரு தண்ணீர், துருவும் எண்ணெயும் கலந்து, சீறிக்கொண்டு வந்து நேராக வெள்ளைக் காலணிகளை அடைந்தது. ஆய்வாளர் பின்வாங்கினார். தண்ணீரும் கூடவே போயிற்று. நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். லேத்காரர் ஒரு வாளி வைத்தார், பிறகு இன்னொன்று.

"மாமா, கிணறு தோண்டாமலே தண்ணி வந்துருச்சு," என்றார் மேனேஜர், நிலைமையைச் சமாளிக்கும் நோக்கத்தோடு. ஒருவரும் சமாளிக்கப்படவில்லை.

அடுத்து ஃபில்டரைக் கழற்றினார்கள். உள்ளே அழுக்கும் பஞ்சும் சேர்ந்து ஒரு தலையணை உருவாகியிருந்தது. பெல்ட்டை விரலால் அழுத்தினால் பழைய கொடிக்கயிறு போல உள்ளே போனது. மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டை இறுக்கினார்கள். புது ஃபில்டர் போட்டார்கள். எண்ணெய் காட்டும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் அடிமட்டக் கோட்டுக்கும் கீழே இருந்தது. நிரப்பினார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரைக் காற்றுக் குழாயின் இணைப்புகளில் தடவினார்கள். மூன்று இடங்களில் நுரை பொங்கிற்று. அங்கெல்லாம் காற்று வீணாகிக்கொண்டிருந்தது; மூன்றையும் இறுக்கி அடைத்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பித்துவிட்டால் ஃபிட்டருக்கு வேலை பிடித்திருந்தது. டீ நேரம் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாலு மணிக்குள் முடிந்தது. சுவிட்சைப் போட்டார்கள். தடதட என்ற சத்தம் எழுந்ததும் முதலாளிக்கு உயிர் வந்தது. காற்றழுத்த முள் ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

'உஸ்ஸ்' என்றது கம்ப்ரஸர். நின்றுவிட்டது.

"போச்சு!" முதலாளி தலையில் கை வைத்தார். "சர்வீஸ் சர்வீஸ்னு கொன்னுட்டீங்களேடா! இத்தனை நாள் நிக்காம ஓடுன மெஷின்!"

"சார், அது நிக்கணும்," என்றார் ஆய்வாளர். "தொட்டி நிறைஞ்சா தானா நிக்கும். காற்று குறைஞ்சா தானா ஓடும். நிக்காம ஓடுச்சுன்னா தொட்டி நிறையவே இல்லன்னு அர்த்தம். இவ்வளவு நாளா நீங்க கேட்டது லாபம் இல்ல சார், ஓட்டை."

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது நடுங்கவில்லை.

மனைவி மட்டும் ஒரு விஷயம் கேட்டார். "அப்போ கரண்ட் பில் இவ்வளவு வந்தது..."

"அதை இப்போ பேசாத," என்றார் முதலாளி.

ஆய்வாளர் தன் காலணியைத் துடைத்துக்கொண்டே முடிவைச் சொன்னார். அட்டவணைக்கு மதிப்பெண் பூஜ்யம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் செய்த வேலைக்கு மதிப்பெண் உண்டு. அதனால் மூன்று மாதத்துக்குப் பாதி ஆர்டர். அதன்பிறகு, சொல்லாமல் ஒரு சனிக்கிழமை வருவார். தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளருக்குள் இருந்தால் முழு ஆர்டர். இன்னொன்று: கடைய வேண்டிய இரும்பைக் காற்றழுத்தத்தால் பிடித்துக்கொள்ளும் மில்லிங் மெஷின், கம்ப்ரஸர் நின்றால் எப்படியும் சும்மாதான் நிற்கும். ஆகவே இரண்டின் நிறுத்தத்தையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு, செய்தவரே டிக் போடட்டும்.

"கிரீஸ் கையோடவா?" என்று மேனேஜர் பதறினார்.

"கிரீஸ் கையோடதான். அப்பதான் நான் நம்புவேன்."

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். "லிஃப்ட் வந்ததும் சொல்லி அனுப்புங்க."

லேத்காரர் பெருமூச்சு விட்டார். இரண்டாவது லேத் தப்பியது, மூன்று மாதத்துக்காவது. ஆனால் ஒரு சிக்கல் அப்படியே இருந்ததை எல்லோரும் அறிந்திருந்தார்கள். வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மெஷின் நிற்கும். ஒரு நிமிஷத்தில் மாடியிலிருந்து வெறுங்காலோடு ஒருவர் இறங்குவார்.

மனைவி அட்டவணையின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி கடைசி வரியில் 'லிஃப்ட்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேல் கறுப்பு மையில் 'முதலாளி' என்று எழுதினார்.

"இது என்ன?" என்றார் முதலாளி.

"உங்களுக்கும் பராமரிப்பு வேணாமா? வாரா வாரம், சனிக்கிழமை ரெண்டுலருந்து நாலு வரைக்கும், திட்டமிட்ட நிறுத்தம். படி இறங்கக் கூடாது, 'ஏன் நின்னுச்சு'ன்னு கேக்கக் கூடாது. மெஷினை நிறுத்துறதுக்கு முன்னாடி உங்கள நிறுத்தணும்."

"எல்லாரும் சேந்து என்னை மெஷினாக்கிட்டீங்க."

"ஆக்கல மொதலாளி," என்றார் ஃபிட்டர். "மெஷின்னா சுவிட்ச் இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை, மணி இரண்டடித்தது. கம்ப்ரஸர் நின்றது, மில்லிங் நின்றது. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலடிகள் கதவு வரை வந்தன. அங்கேயே நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தன.

கீழே மேனேஜர் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து, கடைசி வரியில் 'முதலாளி'க்கு நேரே இருந்த வெள்ளைக் கட்டத்தை நோக்கிப் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். ஃபிட்டர் கிரீஸ் கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க மேனேஜர். இன்னும் நிக்கல."