ராமுத்தாய்க்கு நெஞ்சுவலி

"'அம்மாவுக்கு நெஞ்சுவலி'ன்னு எழுது ஆத்தா. அதுக்குக் கீழ, 'பெரியாஸ்பத்திரியிலயே கைய விரிச்சிட்டாக'ன்னு எழுது" என்றார் பிச்சைமணி.

ராமுத்தாய் பேனாவும் கையுமாக அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையேண்ணே."

"ஏண்டி, பிள்ளைய வரவைக்கணுமா வேணாமா?" என்று நிலைப்படியில் நின்ற அவள் கணவன் சுருளியாண்டி சீறினார். "நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. நீ பேசுனா உன் குரலை வச்சே பொய்யின்னு கண்டுபிடிச்சிருவா. கடுதாசின்னா நம்புவா. எழுது."

நெஞ்சுவலியை நிஜமாகவே வரவழைத்துவிடுவார்கள் போலிருந்தது.

விஷயம் இதுதான். மகள் சொர்ணலதா கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். பிச்சைமணியின் மகன் சுந்தரலிங்கம் அவளுக்கு முறைமாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அதைச் சொல்ல ராமுத்தாய் போன் போட்டபோதுதான் மகள் அழுதுகொண்டே உண்மையைப் போட்டு உடைத்தாள். "எனக்கு ஆம்பளைங்க மேல ஆசையே வந்ததில்லம்மா. சின்னதுலருந்தே அப்படித்தான். மாத்திக்க முடியுமான்னு எவ்வளவோ பார்த்துட்டேன். நானும் சாராளும்தான் சேர்ந்து வாழுறோம். புருசன் பொண்டாட்டி எப்படியோ அப்படி."

ராமுத்தாய்க்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கணவனிடம் போய்ச் சொன்னாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. அவர் போய் மச்சானிடம் சொன்னார். மகள் வந்து இறங்கியதும் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, மறுநாளே கோயிலில் தாலி கட்ட வைப்பது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். சுந்தரலிங்கத்திடம் எதையும் சொல்வதாக இல்லை. இப்படிச் சேர்ந்து வாழ்வது இனிக் குற்றமில்லை, டெல்லி கோர்ட்டில் தீர்ப்பே வந்துவிட்டது என்று டிவியில் சொன்னபோது, "அதெல்லாம் டெல்லிக்கு" என்று பிச்சைமணி டிவியை அமர்த்திவிட்டார்.

"அண்ணே, பிடிக்காத பிள்ளைய உங்க வீட்டுக்குக் கொண்டுபோயி, சுந்தரலிங்கம் மட்டும் என்ன சுகப்படப் போறான்?"

"ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாப் போகும். இந்தக் கல்யாணம் நடக்கலைன்னா எனக்குத் தங்கச்சியே கிடையாது. நாளைக்கு நீ செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கிட்டு வரமாட்டேன், பார்த்துக்க."

செத்த பிறகு போர்த்தப்போகும் ஒரு சேலைக்காக உயிரோடிருக்கும் பெண்களை என்னவெல்லாம் செய்யவைக்கிறார்கள்! ராமுத்தாயும் அதற்குப் பயந்தவள்தான். எழுதினாள். சுருளியாண்டி ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் மதியம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து ராமுத்தாய் இன்னொரு இன்லேண்டு கடுதாசியை விரித்தாள். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் கணவன் சட்டைப் பையில். ஊரில் இருக்கும் டெலிபோன் பூத் கொழுந்தனுடையது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் அவள். மற்ற பெண்களைப் போல யாரிடமாவது சொல்லி எழுதலாம் என்றால், இதை யாரிடம் போய்ச் சொல்வது?

'அன்புள்ள மகள் சொர்ணலதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது' என்பதுவரை கை ஓடியது. அதற்கு மேல் நின்றுவிட்டது. மகள் சொன்ன காரியத்துக்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் தெருச்சண்டையில் கேட்ட வசவுகள். பெற்ற பிள்ளையை அந்த வார்த்தையால் எழுதுவதா? எரிச்சலில் பேனாவைத் தரையில் போட்டாள். பிறகு எடுத்து, பேர் சொல்லாமலே எழுத ஆரம்பித்தாள்.

"நேத்து எழுதுன கடுதாசியில இருக்கிறது என் கையெழுத்து. பேச்சு உங்க மாமாவோடது. எனக்கு நெஞ்சுவலி இல்ல. காலையில களை வெட்டுனேன். நீ வராத. வந்தா உன்ன விடமாட்டாக.

"நீ சொன்னது எனக்கு விளங்கல லதா. நீ ஆம்பளையா மாறணும்னு நினைக்கிறியா? முடிய வெட்டிருவியா? இல்ல, பொம்பளையாவே இருந்துக்கிட்டுத்தான் அந்தப் பிள்ள மேல ஆசையா? கோவப்படாம எழுது. மதுரையில இதுக்கு டாக்டர் இருக்காகளாம். நீ நர்ஸு. இது நோயா இல்லையான்னு உனக்குத் தெரியும். நோயில்லன்னு நீ சொன்னா நான் நம்புறேன். சின்னதுல உன்ன ஹாஸ்டல்ல விட்டதுனாலயா? ராத்திரியெல்லாம் இதே யோசனை. உம்மேல கோவமா வருது. எம்மேலயும் வருது.

"வீரபாண்டித் திருவிழாவுக்குச் சாராள் வந்தாளே, அவளுக்கு நான்தான் தலை சீவிப் பூ வச்சுவிட்டேன். அன்னைக்கே நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல பிள்ளை. தேனியில கடை வச்சிருக்காகன்னு சொன்னா. அவுக என்ன ஆளுக?"

இந்த இடத்தில் ராமுத்தாய்க்கே சுருக்கென்றது. தலைமேல் வானம் இடிந்து விழுந்து கிடக்கும்போதும் சாதியைத்தான் கேட்கிறது அந்தப் பாழாய்ப்போன பழக்கம். அந்த வரியை அழுத்தி அடித்தாள். அடித்த பிறகும் அது படிக்கும்படியாகவே இருந்தது. இருக்கட்டும், தன் அம்மா எப்படிப்பட்டவள் என்று பிள்ளைக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

"எனக்கு இது பிடிக்கல. பிடிக்குதுன்னு பொய் எழுத மாட்டேன். நேத்து ஒரு பொய் எழுதுனதே போதும். எனக்குக் கல்யாணம் பேசுனப்ப எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. உனக்கும் கேக்காமத்தான் பேசுனோம். அது நான் செஞ்ச தப்பு. நீ வயித்துக்குச் சாப்பிடு. அவளையும் சாப்பிடச் சொல்லு.

"நெஞ்சுவலி பலிக்கலன்னா இவுக வேற சொல்லுவாக. நான் செத்துப் போனேன்னு ஆள் விட்டாலும் விடுவாக. அப்பவும் வராத. நிசமாவே செத்திருந்தாலும் வராத ஆத்தா. நீ வந்து அழுகலன்னு நான் குறை நினைக்க மாட்டேன்."

சோற்றுப் பருக்கையால் ஒட்டி, புல்லுக்கட்டுக்குள் வைத்து எடுத்துப்போய், பஸ் ஸ்டாப்பில் கணவன் போட்ட அதே பெட்டியில் போட்டாள்.

வீட்டில் அவளுக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மருந்து பாட்டில்கள் வேறு. பிச்சைமணி ஏற்பாட்டில் குறை வைப்பவரில்லை. "அவ எப்ப வேணாலும் வந்து இறங்குவா. எந்திரிக்காமப் படுத்துக் கிட" என்றார். ராமுத்தாய் போய்ப் படுத்தாள். அடுத்து வந்த நாட்களில் கோயம்புத்தூரிலிருந்து வரும் பஸ்ஸுக்கெல்லாம் இரண்டு ஆண்களும் ஸ்டாப்புக்குப் போய்ப் போய் நின்றார்கள். அவர்கள் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு மூச்சு சீராக வந்தது. மகள் வீட்டுக்கு வராததற்காக ஒரு தாய் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் சாயங்காலப் பஸ்ஸிலிருந்தும் யாரும் இறங்கவில்லை. இருவரும் முகம் தொங்க வந்து நின்றார்கள்.

"தாய் சாகக் கிடக்கான்னு எழுதியும் வரலையே. என்ன பிள்ளையப் பெத்து வச்சிருக்க?" என்றார் பிச்சைமணி.

ராமுத்தாய் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள்.

"நல்ல பிள்ளையத்தான் பெத்திருக்கேன். எனக்குப் பசிக்குது. யாராச்சும் சோத்தைப் போட்டுக் கொண்டாங்க" என்றாள்.