இதே வகை

ஆங்கிலத்தில் பிட்டி என்றால் இரக்கம். கைபேசி விளையாட்டு ஆடுபவர்கள் அதை வேறு பொருளில் புழங்குகிறார்கள் என்பதை ஸ்வீட்லினுக்கு விளக்கியவன் அவளுடைய தம்பி ஜெபின்தான்.

தமிழில் முதுகலை முடித்திருந்த ஸ்வீட்லின், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தபடியே கைபேசி விளையாட்டுகளின் வாசகங்களைத் தமிழாக்கும் வேலையைச் செய்துவந்தாள். ஜெபின் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கைபேசி சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். அக்கா கையிலெடுத்திருந்த 'ஏழு கோட்டை' என்ற விளையாட்டை அவன் ஏற்கெனவே ஆங்கிலத்தில், பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் ஆடிக்கொண்டிருந்தான்.

"பெரிய வீரன் வேணும்னா காசு குடுத்து ரத்தினம் வாங்கணும்க்கா. ரத்தினத்தைப் போட்டு, குலுக்கல் சீட்டு மாதிரி இழுக்கணும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஆயிரத்துல எட்டுதான் வாய்ப்பு" என்றான்.

"அப்ப சூதாட்டந்தானலே இது? எதுத்த வீட்டு இருளப்பசாமி அண்ணாச்சி செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போயி லாட்டரி வாங்குதாரே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஏக்கா, அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காத. லாட்டரிக்கு ஞாபகம் கெடையாது. அண்ணாச்சி காலம் பூரா தோத்தாலும் நாளைக்கு வாங்குத சீட்டுக்கு அதெல்லாம் தெரியாது. இதுக்கு ஞாபகம் உண்டு. எம்புட்டு தடவை தோத்தோமோ அம்புட்டையும் எண்ணிக்கிட்டே வரும். எண்பதாவது இழுப்புல கட்டாயம் குடுத்துரும். அதுதான் பிட்டி. நடுவுலயே வந்துட்டா எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போயிரும்."

"எழுபத்தொம்பது தடவை ஏமாத்திப்புட்டு எண்பதாவதுல இரக்கமா? நல்லாருக்குலே ஒங்க இரக்கம்."

சிரித்தாலும் அந்தச் சொல்லை அவளால் எழுத முடியவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழங்காலிட்டுக் கேட்கிற சொல் அது. நெடுநேரம் யோசித்து, 'உறுதி எண்ணிக்கை' என்று எழுதினாள்.

அடுத்து வந்த வரியில்தான் அவள் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டாள். இந்த விளையாட்டில் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு புதிய வீரனை முன்னிறுத்தி ஒரு மேடை திறப்பார்கள். ஆட்கள் அந்த மேடையில் இழுப்பார்கள். காலம் முடிந்ததும் மூடிவிட்டு வேறொன்றைத் திறப்பார்கள். மேடைகளில் வழக்கமானவை ஒரு வகை. வேறொரு நிறுவனத்தின் விளையாட்டோடு கூட்டுச் சேர்ந்து திறப்பவை இன்னொரு வகை. ஒரு வகையில் சேர்ந்த எண்ணிக்கை மற்ற வகைக்குச் செல்லாது. ஆகவே அவள் இப்படி எழுதினாள்: 'உறுதி எண்ணிக்கை இதே வகை அடுத்த மேடையிலும் தொடரும்.'

ராஜபாளையத்தில் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்திய ராபர்ட்டுக்கு அதை அனுப்பினாள். அவளுக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர். முன்பு அவள் ராஜபாளையத்தில் இருந்த காலத்தில், பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசையில் நின்று பாடியவர். அவரை அண்ணன் என்றே அவள் அழைப்பாள்.

ராபர்ட் தொலைபேசியில் கேட்டார். "ஸ்வீட்லின், இந்த வரி திரையில இருக்க பெட்டிக்குள்ள அடங்க மாட்டேங்குதும்மா. ரெண்டு வார்த்தையக் கொறச்சிருவமா?"

"எந்த ரெண்டுண்ணே?"

"'இதே வகை'ன்னு வருதே, அது."

"மன்னிக்கணும்ணே. அது இல்லைன்னா பொருளே மாறிப்போகும். எல்லா மேடைக்கும் தொடரும்னு ஆயிரும். எழுத்தைச் சின்னதாக்கிக்கிடச் சொல்ல முடியுமாண்ணே? ஒங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா..."

"என்னம்மா தொந்தரவு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவளும் அத்துடன் அதை மறந்துபோனாள்.

தமிழ்ப் பதிப்பு வெளிவந்த நாளில் ஜெபின் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கைபேசியை நீட்டிக் காட்டினான். உடன் வேலை பார்த்த பால்பாண்டி, "இந்தத் தமிழு ஒங்கக்கா எழுதுனதா? அதான பாத்தேன், பரீட்சைப் பேப்பரு மாதிரில்லா இருக்கு" என்று கேலி செய்தான். அதையும் ஜெபின் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். விளையாட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறையாக ஊகிக்காமல் படித்தான்.

வேங்கைத் தளபதி என்ற வீரன் வரப்போகிறான் என்ற அறிவிப்பு வந்தது. ஜெபினுக்கு அவன் மேல் ஆசை விழுந்துவிட்டது. அப்போது திறந்திருந்த மேடையின் வீரன் அவனுக்கு வேண்டாதவன். ஆனாலும் அதிலேயே இழுத்து எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டால், வேங்கை வந்ததும் மிச்சச் சில இழுப்புகளில் கைக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டான். அந்த மேடையில் ரத்தினங்களும் சலுகை விலையில் கிடைத்தன.

"எக்கா, அடுத்த மேடைக்கும் எண்ணிக்கை தொடரும்லா?"

வேறொரு வேலையைக் கெடுவுக்குள் முடிக்க ஓடிக்கொண்டிருந்த ஸ்வீட்லின் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "அதான் நான் எழுதியிருக்கேம்லா. வாசிச்சுப் பாரு. எழுதியிருக்கது எதுவோ அதுதான்."

அவன் வாசித்தான். 'உறுதி எண்ணிக்கை அடுத்த மேடையிலும் தொடரும்.' அக்கா எழுதிய வரி. பைக்குக்கு முன்பணமாகச் சேர்த்துவைத்திருந்ததை எடுத்து ரத்தினம் வாங்கினான். எண்ணிக்கை அறுபத்தேழில் வந்து நின்றது. வேண்டாத வீரன் இடையில் வந்து அதைக் கலைத்துவிடக் கூடாது என்பதால் அங்கே நிறுத்திக்கொண்டான். அதுவரை அந்த வீரன் வராமல் இருந்ததே அவனுக்குப் பாக்கியமாகத் தோன்றியது.

வேங்கைத் தளபதியின் மேடை திறந்த மறுநாள் காலையில் ஸ்வீட்லினுக்கு அழைப்பு வந்தது.

"கொஞ்சம் கடைக்கு வாக்கா." அவ்வளவுதான் சொன்னான்.

அவள் போனபோது பால்பாண்டிகூடக் கேலி பேசாமல் ஒரு கைபேசியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜெபின் திரையைக் காட்டினான். வேங்கைத் தளபதி வாள் ஏந்தி நின்றான். கீழே எண்ணிக்கை பூச்சியம் என்றிருந்தது. மூலையில், கவனித்துப் பார்த்தாலொழியத் தெரியாத அளவில், 'கூட்டு மேடை' என்று எழுதியிருந்தது.

"இது வேற வகைலே" என்றாள் அவள். "இதுக்குத் தொடராதே."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

அவள் கைபேசியை வாங்கி விதிப் பக்கத்தைத் திறந்தாள். தன் வரியைக் கண்டாள். தன் வரிதான். ஆனால் நடுவில் இரண்டு சொற்கள் இல்லை.

"நான் எழுதுனேன் ஜெபின். 'இதே வகை'ன்னு எழுதித்தான் குடுத்தேன்."

"கம்பெனிக்குப் புகார் போட்டேன்க்கா. பதில் வந்துருச்சு. நீயே வாசி."

'தமிழ் மொழிபெயர்ப்பாளரின் விடுபாட்டால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். ஆங்கிலத்தில் உள்ள விதியே செல்லுபடியாகும்.' வாக்கியம் இலக்கணப் பிழையின்றி, மிக மரியாதையாக இருந்தது.

அவள் அப்படியே ராஜபாளையத்துக்குப் பேருந்து ஏறினாள். வன்னியம்பட்டி விலக்கு கடந்ததும், கேட்க வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் 'மன்னிக்கணும்ணே' என்றே வந்தது.

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, பேண்டேஜ் துணிக் கிடங்கின் மாடியில் இருந்தது ராபர்ட்டின் அலுவலகம். அவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார்.

"மன்னிக்கணும்ணே. அந்த ரெண்டு வார்த்தைய யாரு எடுத்தது?"

ராபர்ட் தெரியாதவர்போல் நடிக்கவில்லை. "நான்தாம்மா. கம்பெனிக்காரங்க கேட்டாங்க."

"எடம் பத்தலைன்னு கேட்டாங்களா?"

"எடம் இருந்துச்சு. 'வகை'ன்னு போட்டா வாசிக்கிறவன் எந்த வகைன்னு யோசிப்பான். யோசிச்சான்னா இழுக்கமாட்டான். அவங்க கவலை அது." குரலைத் தாழ்த்தினார். "லாட்டரிச் சீட்டு விக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டும்மா. தோத்தவன் எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போயிரலாம், அவன் விட்டுட்டுப் போறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது. இதுல எண்ணிக்கை இருக்கே, அதை விட்டுட்டு எவன் எந்திரிப்பான்? எண்பது இழுப்பு வரைக்கும் போகவேண்டியவங்க பாதிப் பேருக்கு மேலன்னு அவங்களுக்குத் தெரியும். உறுதிங்கிறது ஆடுதவனுக்குப் போட்ட கயிறு. நல்ல வார்த்தை போட்டிருந்தம்மா நீ."

அவள் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

"தப்பு மொழிபெயர்ப்பாளரோடதுன்னு பதில் வந்திருக்குண்ணே."

"புகாருக்குப் பதில் எழுத, தப்பை யாரு மேல போடன்னு கேட்டாங்க. ஆபீஸ்னு சொன்னா ஒப்பந்தம் போயிரும். இங்க நாலு பேரு பொழப்பு இருக்கு. ஒம் பேரைச் சொல்லலையே நான்."

"எந் தம்பிக்கு எம் பேரு தெரியும்ணே. அவன் நான் எழுதுனதைத்தான் நம்புனான். அவன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேற யாருகிட்டயும் வேண்டாம். நான் வேலையைக் கேக்கல, காசைக் கேக்கல."

ராபர்ட் டீ கிளாசை மேசையில் வைத்தார். பிறகு, "போடும்மா போனை" என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. ஜெபினை அழைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, இரு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"தம்பி ஜெபின், நான் ராபர்ட் அண்ணன் பேசுதேன். நல்லாருக்கியா?"

"இருக்கேண்ணே."

"அக்கா இங்கதான் இருக்கா. ரொம்ப வருத்தப்படுதா. அவளைக் கோவிச்சுக்கிடாதப்பா. மனுசங்கன்னா கைதவறத்தான் செய்யும். அவ வேணும்னா செஞ்சா? நானே அவளை மன்னிச்சுட்டேன். நீ கூடப் பொறந்தவன், மன்னிக்க மாட்டியா?"

ஸ்வீட்லின் வாயைத் திறந்தாள். பாடகர் குழுவில் பழகிய அதே கனிந்த குரல், அவளுடைய சொற்கள் புகுவதற்கு ஓர் இடைவெளிகூட விடாமல் பேசி முடித்தது.

"சரிண்ணே" என்றது மறுமுனை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"முடிஞ்சது பாரு" என்றார் ராபர்ட். கைபேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "டீயக் குடிம்மா, ஆறுது."

அவள் குடிக்கவில்லை. "அண்..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லை முடிக்காமலே படியிறங்கினாள். அதுவே அவளால் காட்ட முடிந்த கோபம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைக்குள் நுழைந்தபோது ஜெபின் கோபமாக இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான். அதுதான் அவளைக் கலக்கியது.

"விடுக்கா. ராபர்ட் அண்ணன் சொன்னாரு."

"அவரு சொன்னது பொய்லே! அவருதான் எடுத்தாரு. எங்கிட்டச் சொன்னாரு, எம் முன்னாடியே சொன்னாரு."

"பொறவு ஏன்க்கா அவரு பேசும்போது நீ ஒண்ணுஞ் சொல்லல?"

மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"போட்டும்க்கா. தப்பு நடந்துச்சுன்னா நடந்துச்சு. எனக்கு ஒரு கோவமும் இல்ல." அவன் அதை உண்மையாகவே சொன்னான். கைபேசியில் வேங்கைத் தளபதிக்குக் கீழே எண்ணிக்கை ஒன்பதாகியிருந்தது.

"மறுபடி ஆரம்பிச்சுட்டியா? வேண்டாம்லே. இந்த மேடை மூடுனா இந்த எண்ணிக்கையும் எங்க போகும்னு தெரியாது. நான் படிச்சுச் சொல்லுதேன், குடு."

"வேண்டாம்க்கா" என்று இதமாகச் சொன்னான் ஜெபின்.

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். மொழி என்று இருந்த இடத்தைத் தொட்டான். தமிழுக்கு நேரே இருந்த குறி மறைந்து ஆங்கிலத்துக்கு மாறியது. பிறகு திரையை அவள் பக்கமல்லாமல், பால்பாண்டியின் பக்கமாகத் திருப்பினான்.

"ஏலே, இதுல என்ன போட்டிருக்குன்னு செத்த வாசிச்சுச் சொல்லு."

பால்பாண்டி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.